அண்ணாச்சி அழுத்திவிட்டுப் போன பொத்தான்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வேலையும் சீக்கிரம் முடியும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்று வீட்டிலும் சொல்லியிருக்கிறேன், ஆபீசிலும் சொல்லியிருக்கிறேன். ஆத்தூரில் பஸ் ஏறி, முள்ளக்காட்டு உப்பளங்கள் தாண்டி, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் கண்டெய்னர் யார்டில் தினமும் போய் இறங்கும் எனக்கு, வந்த பெட்டிகளின் கணக்கைப் பார்ப்பதுதான் வேலை. கப்பலுக்குப் போகக் காத்திருக்கும் பெட்டிகள் எங்கள் யார்டில் நிற்கும். அவற்றில் என் பொறுப்பு ரீஃபர் பெட்டிகள். அதாவது இறாலும் கணவாயும் உறைந்து கிடக்கும் குளிர்பெட்டிகள். ஒரு வீடு அளவு ஃப்ரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இருந்தால் ஃப்ரிட்ஜ், இல்லாவிட்டால் வெறும் தகரப்பெட்டி.

அந்தப் பெட்டிகளுக்காக எக்ஸெலில் ஓர் அட்டவணை உண்டு. அதைச் செய்தது நான். பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, நன்றாகவே செய்திருந்தேன். ஒரு பெட்டிக்கு ஒரு வரி. பெட்டி எண், யாருடைய சரக்கு, எந்தக் கப்பல், யார்டில் எந்த இடம், இப்போது என்ன நிலை, கடைசியாகப் பார்த்த குளிர் எவ்வளவு என்று எல்லாம் அந்த வரியில் இருக்கும். பெட்டி கேட்டுக்குள் வந்து இறங்கியதும் நிலையில் ‘இறங்கியது’ என்று போட வேண்டும். எலக்ட்ரீசியன் கரண்ட் கொடுத்ததும் அதை ‘ப்ளக் ஆனது’ என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

வரிகள் நிறைய ஆனபோது பக்கத்தில் இரண்டு ஸ்லைசர் வைத்துக் கொடுத்தேன். ஸ்லைசர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, திரையில் இருக்கும் பொத்தான் வரிசைதான். ‘கப்பல்’ என்ற ஸ்லைசரில் கப்பல் பெயர்கள் பொத்தான்களாக இருக்கும். ஒன்றை அழுத்தினால் அந்தக் கப்பலுக்குப் போகும் பெட்டிகளின் வரிகள் மட்டும் நிற்கும், மற்றவை மறையும். ‘நிலை’ என்ற ஸ்லைசரும் அப்படித்தான். கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவர் ‘பொண்ணு வீட்டுக்காரங்க மட்டும் வாங்க’ என்று கூப்பிடுவார் அல்லவா, மற்றவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். யாரும் மண்டபத்தை விட்டுப் போய்விடுவதில்லை. ஸ்லைசரின் மூலையில் இருக்கும் புனல் படத்தை அழுத்தினால் ஒதுங்கியவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள்.

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எங்கள் யார்டில் ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. மறைந்த வரி அழிந்த வரி என்றே நினைத்தார்கள். அதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. எங்கள் யார்டில் பெரியவர்களின் பொருளைத் தொடக்கூடாது. யார்டு இன்சார்ஜ் அண்ணாச்சியின் நாற்காலியில் அவர் லீவில் இருந்தாலும் யாரும் உட்காரமாட்டார்கள். அவருடைய டீ கிளாஸை எடுத்து வேறொருவர் குடித்ததில்லை. வாக்கிடாக்கியை அவர் எந்தச் சேனலில் திருகி வைத்தாரோ அங்கேயே இருக்கும். அந்த மரியாதை மெல்ல மெல்லக் கம்ப்யூட்டருக்குள்ளும் போய்விட்டது. அண்ணாச்சி கரண்டில் ஓடும் பெட்டிகளை மட்டும் பார்ப்பவர். அதனால் ‘நிலை’ ஸ்லைசரில் ‘ப்ளக் ஆனது’ என்ற பொத்தானை அழுத்தி, அப்படியே சேமித்துவிட்டுப் போவார். ஃபைலை அடுத்து யார் திறந்தாலும் அது அப்படியே இருக்கும். அதற்கு ‘அண்ணாச்சி செட்டிங்’ என்று ஒரு பெயரும் வந்துவிட்டது.

ஒருமுறை, வரும் பெட்டிகளை அட்டவணையில் ஏற்றும் கேட் கிளார்க் தெரியாமல் புனலை அழுத்தி அதைக் கிளியர் செய்துவிட, அண்ணாச்சி அன்றைக்கு முழுவதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு கிளார்க் ஒரு வழி கண்டுபிடித்தார். அண்ணாச்சியின் பொத்தானைத் தொடாமல், தனக்கு வேண்டிய கப்பலை அதன் மேலேயே அழுத்திக்கொள்வது. மரியாதையும் கெடாது, வேலையும் நடக்கும் என்பது அவருடைய கணக்கு.

இந்தக் கணக்கில்தான் கணவாய் அக்காவின் பெட்டி மாட்டிக்கொண்டது.

அந்த அக்கா கடற்கரைத் தெருவைச் சேர்ந்தவர். வருஷக்கணக்காகக் கணவாய் வாங்கி, சுத்தம் செய்து, பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அட்டைப்பெட்டியில் அச்சாவது எப்போதும் அந்தக் கம்பெனிகளின் பெயர்தான். லைசென்ஸ், பரிசோதனை என்று அலைந்து திரிந்து கடைசியில் தன் பெயரிலேயே ஒரு கண்டெய்னர் அனுப்பும் இடத்துக்கு வந்திருந்தார். முதல் பெட்டி. வெளிநாட்டில் வாங்குகிறவர் முதல் சரக்கைப் பார்த்துத்தான் இரண்டாவதைக் கேட்பார். முதலாவது இளகிப்போய்ச் சேர்ந்தால் இரண்டாவது என்ற பேச்சே கிடையாது. அதை அவர் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை, இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை அவருடைய பெட்டி ஊர் விழிக்கும் நேரத்திலேயே யார்டுக்கு வந்து இறங்கிவிட்டது. நான் வழக்கம்போல ஒன்பது மணிக்குத்தான் போனேன். பையை வைப்பதற்குள் போன் அடித்தது. கேட் கிளார்க் எடுத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் போனேன்.

“இல்லக்கா, லிஸ்ட்ல உங்க பெட்டி இல்ல... நல்லா பாத்துட்டேன்... இல்லக்கா.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கணவாய் அக்கா. குளிர் எவ்வளவு இருக்குன்னு கேக்காவ. வாங்குத பார்ட்டி கேட்டிருக்கானாம். பெட்டி நம்ம லிஸ்ட்லயே இல்ல மேடம்.”

“பெட்டி வந்துச்சா, வரலையா?”

“வந்துச்சு. நான்தான் கேட்ல பாத்தேன். நான்தான் டைப் அடிச்சேன். அடிச்சு முடிச்சு என் கண்ணால பாத்தேன் மேடம், கடைசி வரியில நின்னுச்சு. இப்ப காணல.” அவர் குரல் இறங்கியது. “சேவ் பண்ணாம விட்டுட்டேனோ என்னமோ.”

“எலக்ட்ரீசியனுக்கு லிஸ்ட் குடுத்தீங்களா?”

“அப்பவே பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டேன்.”

“அதுல இந்தப் பெட்டி இருந்துச்சா?”

அவர் தலையைச் சொறிந்தார். கட்டாக வந்த தாள்களைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது. எலக்ட்ரீசியன் லிஸ்டைப் பார்த்துத்தான் நடப்பார். லிஸ்டில் இல்லாத பெட்டிக்கு அவர் கரண்ட் கொடுத்திருக்கமாட்டார். லாரியில் வரும்வரை ஜெனரேட்டர் ஓடியிருக்கும். பெட்டியை இறக்கியதும் லாரி அதையும் கொண்டுபோய்விடும். அப்படியானால் அந்தப் பெட்டி இந்த நிமிஷம் வெயிலில் வெறும் தகரமாக நிற்கிறது.

கிளார்க்கை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். திரையைப் பார்த்த முதல் பார்வையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. இடது ஓரத்து வரி எண்கள் நீலமாக இருந்தன. எண்கள் வரிசையாகவும் இல்லை. நடுவில் விட்டு விட்டுத் தாவின. எண்கள் நீலமானால் ஏதோ ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறது என்று பொருள். தாவிப்போன எண்களில்தான் மறைந்த வரிகள் இருக்கின்றன.

“சேவ் எல்லாம் ஆயிருக்கு, பயப்படாதீங்க,” என்றேன். “ஃபில்டர் போட்ட அட்டவணையில புதுசா ஒரு வரி அடிச்சா அது கண்ணு முன்னாடிதான் நிக்கும். ஃபில்டர் தானா ஓடிவந்து அதை மறைக்காது. அப்புறம் நீங்க என்ன பண்ணுனீங்க?”

“கப்பல் பொத்தானை அழுத்தினேன்.”

“அப்பதான் அது மறுபடியும் எல்லா வரியையும் சலிச்சுப் பாத்திருக்கு. உங்க கப்பலும் இருக்கணும், அண்ணாச்சியோட ப்ளக்கும் ஆகியிருக்கணும், ரெண்டும் சேந்த பெட்டிக்குத்தான் இங்கன இடம். அக்கா பெட்டி உங்க கப்பல்தான், ஆனா இன்னும் ப்ளக் ஆகல. ஒதுங்கிப் போச்சு.”

கல்யாண போட்டோவில் பெண் வீட்டார் மட்டும் நிற்கும்போது ‘கண்ணாடி போட்டவங்க மட்டும்’ என்று மறுபடி சொன்னால், மாப்பிள்ளை வீட்டுக் கண்ணாடிக்காரர் வந்துவிடமாட்டார். பெண் வீட்டிலும் கண்ணாடி இல்லாதவர் ஒதுங்குவார். கூட்டம் சுருங்கத்தான் செய்யும். கரண்ட் கொடுக்க வேண்டிய பெட்டிகளின் லிஸ்டை, ஏற்கெனவே கரண்ட் கொடுத்த பெட்டிகளை மட்டும் காட்டும் திரையிலிருந்து எடுத்தால் என்ன வரும்? சிரிக்கத் தோன்றியது, ஆனால் சிரிப்பு வரவில்லை.

‘நிலை’ ஸ்லைசரின் மூலையில் இருந்த புனலை அழுத்தினேன். கிளார்க் பின்னாலிருந்து, “மேடம், அண்ணாச்சி செட்டிங்...” என்று இழுத்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன்.

சில வரிகள் வந்தன. அக்காவின் பெட்டி வரவில்லை.

‘கப்பல்’ ஸ்லைசரையும் கிளியர் செய்தேன். இன்னும் நிறைய வரிகள் வந்தன. அப்போதும் அக்காவின் பெட்டி இல்லை. கிளார்க் சொன்னதுபோல உண்மையிலேயே சேமிக்கவில்லையோ என்று நினைத்தேன். ஆனால் வரி எண்கள் இன்னும் நீலமாகவே இருந்தன. ஸ்லைசர் இரண்டும் காலியாகிவிட்டன, எண் மட்டும் கறுப்பாகவில்லை. இன்னொன்று எங்கோ ஒளிந்திருக்கிறது.

தலைப்பு வரியில் ஒவ்வொரு பத்தியாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு சின்ன அம்பு இருக்கும். ‘இடம்’ என்ற தலைப்பில் அம்புக்குப் பதில் புனல் இருந்தது. அழுத்திப் பார்த்தேன். யார்டின் ஒரு வரிசையில் ப்ளக் பாயிண்ட் ரிப்பேர் என்று, அந்த வரிசையின் டிக்கை எடுத்துவிட்டு மற்றவற்றை மட்டும் யாரோ விட்டிருந்தார்கள். யாரோ என்ன, அண்ணாச்சிதான். அதே கையோடு பட்டியலின் அடியில் இருக்கும் ‘ப்ளாங்க்ஸ்’, அதாவது ஒன்றும் எழுதாத கட்டங்கள், என்பதன் டிக்கும் போயிருந்தது. இடம் ஒதுக்கும் முன்பே டைப் செய்ததால் கிளார்க் அக்கா பெட்டியின் இடத்தை எழுதாமல் விட்டிருந்தார். வெறும் கட்டம். அந்த ஃபில்டரும் அதை ஒதுக்கிவிட்டது. ‘இடம்’ என்ற பத்திக்கு ஸ்லைசரே கிடையாது, அதனால் நான் எத்தனை ஸ்லைசரை கிளியர் செய்தாலும் அது அசைந்திருக்காது.

இனி ஒவ்வொன்றாகத் தேட எனக்குப் பொறுமை இல்லை. மேலே டேட்டா என்ற பக்கத்துக்குப் போய் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கிளியரை அழுத்தினேன். ஒரே அழுத்தில் எல்லாம் விலகிப் போயிற்று. எண்கள் கறுப்பாகி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசைக்கு வந்தன. கீழே போனேன். கடைசி வரி. பெட்டி எண், அக்காவின் கம்பெனி பெயர், நிலை: இறங்கியது. இடம் காலி. குளிர் காலி.

“இருக்கு மேடம்! நான் சொன்னேன்லா!” என்று கிளார்க் கத்தினார். அவருக்கு வேலை தப்பித்த சந்தோஷம். எனக்கு இன்னும் பெட்டி தப்பிக்கவில்லை.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டி இறங்கினோம். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கணவாய் அக்கா. போனில் பேசியதை நம்பாமல் நேரே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏளா, என் பெட்டி எங்கன?”

“இங்கனதான் இருக்குக்கா. வாங்க.”

“இல்லன்னு சொல்லுதான் அந்தப் பய. காலையில நானே கூட வந்து கேட்டுக்குள்ள விட்டுட்டுப் போனேன். இல்லன்னு எப்படிச் சொல்லுவான்?”

பதில் சொல்ல நேரமில்லை. நேரே வேலி ஓரத்துக்கு நடந்தோம், இடம் ஒதுக்காத பெட்டியை அங்கேதான் இறக்குவார்கள். உப்பு ஏற்றிய பெட்டிகள் இரண்டுக்குப் பின்னால் வெள்ளையாக நின்றது. பக்கத்தில் போகும்போதே தெரிந்துவிட்டது, சத்தமே இல்லை. ஓடும் ரீஃபர் பெட்டி எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும். இது சும்மா நின்றது. வயர் சுருட்டியபடியே இருந்தது. இந்தத் தொழிலில் அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரீசியன் வயரைப் பிரித்து இழுத்து, பக்கத்து வரிசையின் ப்ளக் பாயிண்டில் சொருகித் திருகினார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் பெட்டியின் முகத்தில் இருந்த சின்னத் திரை கண் விழித்தது. மோட்டார் இரையத் தொடங்கியது. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தத் திரையையே பார்த்தார். உள்ளே மைனஸ் பதினெட்டில் இருக்க வேண்டும். எண் வந்தது. மைனஸ் பதினாறு.

“ரெண்டுதான் ஏறியிருக்கு,” என்றார் எலக்ட்ரீசியன். “கதவு திறக்கலல்லா. கணவாய் கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கும், சீக்கிரம் இளகாது. இதெல்லாம் கப்பல் கம்பெனிக்காரங்க ஒத்துக்கிடுத அளவுக்குள்ளதான்.”

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க எலக்ட்ரீசியனை ஏதோ திட்டினேன். அவர் பாவம், அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அக்கா அங்கேயே நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. எண் திரும்பப் பதினேழைக் காட்டிய பிறகுதான் அசைந்தார். பின்னர் கப்பல் கம்பெனி ஆள் வந்து, பெட்டி பதிவு செய்து வைத்திருக்கும் குளிரைப் பார்த்து, ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அண்ணாச்சி உறவுக்காரர் வீட்டு விசேஷம் முடித்துக்கொண்டு மத்தியானம் வந்தார். நெற்றியில் சந்தனம். கம்ப்யூட்டரைப் பார்த்ததும், “என் செட்டிங்க யாரு தொட்டது?” என்றார்.

“நான்தான்.”

“கேக்காம தொடலாமா?”

நான் எழுந்து நின்றேன். நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், அப்படி வரவில்லை. “அண்ணாச்சி, அது உங்க நாற்காலி இல்ல. நாற்காலியில நீங்க மட்டும் உக்காந்தா மத்தவங்க நிப்பாங்க, அவ்வளவுதான். இதுல நீங்க அழுத்திட்டுப் போன பொத்தான் அக்கா பெட்டியையே இல்லன்னு ஆக்கிருச்சு. இவரு உங்களுக்கு மரியாதை குடுத்து அதுக்கு மேல இன்னொண்ணு அழுத்தினாரு. பெட்டி வெயில்ல கெடந்துச்சு. வாங்க, எங்கன கெடந்துச்சுன்னு காட்டுதேன்.”

அண்ணாச்சி என்னைத் திட்டுவார் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் பதிலுக்குத் தயாராகவே இருந்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, “கரண்ட் எப்ப குடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் வேலி ஓரத்துக்கு நடந்துபோனார். திரும்பி வந்து என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “எதை அழுத்தினா எல்லாம் வரும்?” என்றார். சொல்லிக் கொடுத்தேன். மறைந்த வரிகள் அழிவதில்லை என்பதை நம்ப, தானே பொத்தானை அழுத்தியும் கிளியர் செய்தும் நாலைந்து தடவை பார்த்துக்கொண்டார். கடைசியில், “சரி, எந்திரிக்கும்போது எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டுத்தான் எந்திரிக்கணும். நானும்தான்,” என்று பொதுவாக அறிவித்தார். வேறொருவர் சொல்லியிருந்தால் எங்கள் யார்டில் அது நடந்திருக்காது. அவரே சொன்னதால் அன்றிலிருந்தே சட்டமாகிவிட்டது.

இவ்வளவும் நடக்கும்போது அக்கா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி எழுந்து போனதும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“என் பெட்டி இதுல எங்கன இருக்கு, காட்டு.”

கீழே போய்க் காட்டினேன். நிலை ‘ப்ளக் ஆனது’ என்று மாறியிருந்தது, இடமும் எழுதியாகிவிட்டது. அவர் குனிந்து பார்த்தார். மேலும் கீழும் பெரிய கம்பெனிகளின் பெயர்கள். அவற்றில் சிலதுக்கு அவர் வருஷக்கணக்காகக் கணவாய் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார்.

“ஏளா, அந்தப் பொத்தானு... அத வச்சு மத்தவங்கள மறைக்க முடியுமா? என்னது மட்டும் இருக்க மாதிரி?”

சரக்குக்காரர் பெயர் பத்திக்கு ஒரு புது ஸ்லைசர் போட்டேன். பெயர்கள் எல்லாம் பொத்தான்களாக வந்து நின்றன. மௌஸை அவர் கையில் கொடுத்தேன். தன் கம்பெனி பெயர் எங்கே என்று தேடி, விரலை அழுத்தமாக வைத்து அழுத்தினார். பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒரே நொடியில் மறைந்தன. அவ்வளவு பெரிய அட்டவணையில் ஒரே ஒரு வரி நின்றது.

அக்கா அதைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோ சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் மூலையில் இருந்த புனலை என்னிடம் விரலால் காட்டி, “இதத்தான அமுக்கணும்?” என்று கேட்டார்.

“ஆமாக்கா.”

“அவங்க பெட்டியையும் யாராவது தேடுவாங்கல்லா,” என்று சொல்லிவிட்டு அவரே அழுத்தினார்.